செலவு குறைந்ததைக் கண்டு மகிழ்ந்தேன், அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்திருந்தது

நெய்தல்:

என் அம்மாவுக்கு வயது 71. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்கு நன்றாகப் புரிகிறது, ஆம், இல்லை என்பதைத் தலையசைத்துச் சொல்வார். நான் ஒரே மகள், வேலை பார்ப்பது வெளிநாட்டில். ஒரு முகமை வழியாகப் பகலுக்கு ஒருவரும் இரவுக்கு ஒருவருமாக இரண்டு பெண்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். மாதந்தோறும் மொத்தத் தொகையையும் என் சித்தி மகனுக்கு அனுப்பிவிடுவேன். அவன் முகமைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மருந்தும் டயப்பரும் வாங்கிப் போட்டு, மாதக் கடைசியில் கணக்கு அனுப்புவான்.

தினமும் மாலை ஏழு மணிக்குக் காணொளியில் அழைப்பேன். தலை வாரி, முகம் துடைத்து, சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவைத்தான் எப்போதும் பார்த்தேன். கடந்த மூன்று மாதங்களாகச் செலவு குறைந்திருந்தது. முன்பு பத்து டயப்பர் கொண்ட பாக்கெட் மாதம் 15 வாங்கியவர்கள் 10 பாக்கெட்டோடு நிறுத்தியிருந்தார்கள். தம்பி சிக்கனமாக நடத்துகிறான் என்று நினைத்து நன்றிகூடச் சொன்னேன். போன வாரம் விடுப்பில் வந்து, அம்மாவைக் குளிப்பாட்டுவதற்காக ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது முதுகின் அடியில், இடுப்பெலும்பின் மேல், தோல் உரிந்து ஒரு புண் இருந்தது. நீளம் மூன்று சென்டிமீட்டர், அகலம் இரண்டு. அந்த இடத்தில் என் கை பட்டதும் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மருத்துவர் பார்த்துவிட்டார், சிகிச்சை தொடங்கிவிட்டது. இன்னும் ஆறு நாளில் நான் திரும்பியாக வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. அங்கே பராமரிப்பு உண்மையில் நடக்கிறதா என்பதைத் தொலைவிலிருந்து எப்படி அறிவது? பணத்தை யார் கையில், எந்த முறையில் கொடுப்பது?

வழித்துணை:

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. அம்மாவை உங்களோடு அழைத்துச் சென்றுவிடுவதே நல்லது. என் மாமியாருக்கு நாங்கள் விசா வாங்க என்னென்ன ஆவணங்கள் கொடுத்தோம் என்பதை விரிவாக எழுதட்டுமா?

நெய்தல்:

மிக்க நன்றி ஐயா. அந்த வழியை முன்பே முயன்று பார்த்துவிட்டோம், கிடைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டபோது அவரும் வர மாட்டேன் என்றே தலையசைத்தார். அவர் வீட்டிலேயே இருப்பார் என்பதை வைத்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கலங்கரை:

இதற்கு மூன்று காரியம் போதும். அம்மாவிடமிருந்து உங்கள் பெயருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்குங்கள், சொத்து, வங்கி எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும். தம்பியோடு கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அறையில் கேமரா வையுங்கள். நான் என் தந்தைக்கு இப்படித்தான் செய்தேன், ஐந்து ஆண்டுகள் ஒரு சிக்கலும் வரவில்லை. கேமரா இருக்கிறது என்று தெரிந்தாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

தாழம்பூ:

நான் முப்பது ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். முதல் கேள்விக்கான விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது, அம்மா. செலவு குறைந்த அன்றே உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது. அதைப் படிக்கத்தான் யாரும் சொல்லித்தரவில்லை.

சிறுநீரை அடக்க முடியாத, படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து டயப்பர் ஆகிறது என்று உங்கள் வீட்டு அனுபவமே சொல்கிறது. மாதம் 150 என்பது அதுதான். அது 100 ஆனால் நாளொன்றுக்கு மூன்றுதான் மாற்றுகிறார்கள் என்று பொருள். விட்டுப்போனவை பெரும்பாலும் இரவில் மாற்ற வேண்டியவையாக இருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் மெலிந்துவிடும். அதன் மேல் உடல் எடை அழுத்தும். தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையில் உடல் கீழே சறுக்கும்போது தோல் உராயும். ஈரம், அழுத்தம், உராய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் நீங்கள் பார்த்த புண் வருவதற்கு அதிக நாள் தேவையில்லை. முகத்தைக் காட்டும் காணொளியில் இது ஒருபோதும் தெரியாது.

ஆகவே எண்ணிப் பார்க்கக் கூடியதை எண்ணுங்கள். முதல் தேதி 150 டயப்பர் வீட்டில் இருக்கட்டும். 15ஆம் தேதி காலையில் 14 நாளுக்கான 70 போக 80 இருக்க வேண்டும். இரண்டு மூன்று கூடவோ குறையவோ இருந்தால் கேள்வி கேட்காதீர்கள். 100க்கு மேல் இருந்தால் அன்றே கேளுங்கள். மாத்திரைக்கும் இதே கணக்குத்தான். வேளைக்கு ஒன்றாக இரண்டு வேளை என்றால் 60 மாத்திரையில் 14 நாளுக்குப் பின் 32 மீதி இருக்க வேண்டும். கூடுதலாக மீந்திருந்தால் வேளை தவறியிருக்கிறது; குறைவாக இருந்தால் இருமுறை கொடுத்திருக்கிறார்கள், அல்லது மாத்திரை வேறெங்கோ போயிருக்கிறது.

அடுத்தது தோல். வாரம் ஒருமுறை, அதே நாளில், பகல் வெளிச்சத்தில், புண்ணின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு அம்மாவின் சம்மதத்தை முதலில் கேட்க வேண்டும். புண் இல்லாத இடங்களையும் தினமும் பார்க்க வேண்டும். குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், செயலிழந்த பக்கத்துத் தோள் ஆகியவை முக்கியம். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அழுத்தப் புண் தொடங்கிவிட்டது என்று எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐயம் வந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. தேய்த்தால் உள்ளே நைந்த திசு இன்னும் நையும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது ஓட்டையைச் சுற்றிலும் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

புண்ணில் துர்நாற்றம், கருமை, சுற்றிலும் பரவும் சூடு, அல்லது காய்ச்சல் கண்டால் வாரப் படத்துக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரவுப்பணி:

நான் பதினொரு ஆண்டுகளாக இந்த வேலை செய்பவள். பார்த்துக்கொள்பவர்களின் பக்கத்தையும் ஒருவர் எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அந்த இரவுப் பெண் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை.

வாரத்துக்கு 168 மணி நேரம். இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 84 மணி நேரம், அதிலும் விடுப்பே இல்லாமல். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் 24 மணி நேரமும் நிற்க வேண்டும். நீங்கள் முகமைக்குக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அந்தப் பெண் கைக்குப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? நான் வேலை செய்த ஓர் இடத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் எனக்கு வந்தது, அதுவும் பத்து நாள் தாமதமாக. அதனால் பகலில் இன்னொரு வீட்டுக்கும் போனேன். இரவில் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் உடல் எழாது. உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கலாம், அவசியம் விசாரியுங்கள்.

தாழம்பூ அம்மா சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவில் மாற்ற முடியாதவர்கள் மாலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். அப்போது டயப்பர் கணக்கு குறைந்தாலும், ‘நனையவில்லை, அதனால் மாற்றவில்லை’ என்று உண்மையாகவே சொல்ல முடியும். எனவே தண்ணீரையும் பாருங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை என்று மருத்துவரிடம் கேட்டு, காலையில் அந்த அளவுக்குப் பாட்டில்களில் நிரப்பி வைத்து, இரவுப் பெண் வரும்போது எவ்வளவு மீதி என்று எழுத வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருப்பதும், நாக்கு வறண்டிருப்பதும், வழக்கத்துக்கு மாறாக அவர் குழம்பியிருப்பதும் தண்ணீர் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

இன்னொன்று. தினமும் ஒரே நேரத்தில் அழைத்தால் அந்த நேரத்து அம்மாவைத்தான் பார்ப்பீர்கள். ஆறே முக்காலுக்கு நாங்கள் தலை வாருவோம். நேரத்தை மாற்றி அழையுங்கள், ஆனால் ‘பிடித்துவிட்டேன்’ என்ற குரலில் பேசாதீர்கள். ‘நேற்றிரவு எத்தனை முறை திருப்பினீர்கள், எது கடினமாக இருந்தது’ என்று கேட்டால் உண்மை வரும். தனியாளாக ஒருவரைத் திருப்புவது இடுப்பை முறிக்கும் வேலை. படுக்கையின் குறுக்கே, தோளிலிருந்து தொடை வரை, ஒரு கெட்டித் துணியை விரித்துவைத்தால் அதைப் பிடித்து இழுத்துத் திருப்பலாம். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கும் தவறும் நடக்காது. அந்தத் துணியை வாங்கித் தந்த வீட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

தமையன்:

எனக்கு இருப்பது அம்மா அல்ல, அறிவு வளர்ச்சிக் குறைபாடும் வலிப்பும் உள்ள தம்பி. வயது 34. ஊரில் பெற்றோர் இருந்தவரை நான் பணம் மட்டும் அனுப்பினேன். அவர்கள் அடுத்தடுத்துப் போன பிறகு, அவனுக்கு எந்த மாத்திரை, எந்தப் பாட்டுக்குத் தூங்குவான், எதற்குப் பயப்படுவான் என்பவை எல்லாம் அம்மாவின் நினைவில் மட்டும்தான் இருந்தன என்று தெரிந்தது. புதிதாக வந்தவர் குளியலறைக் கதவைச் சாத்தினார். அவன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்பதை நான் தொலைபேசியில் சொல்ல மறந்துவிட்டேன். இது உங்கள் கேள்விக்கு நேரான பதில் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஆறு நாள் இருக்கிறதே, அம்மாவின் பழக்கங்களை இரண்டு பக்கத்துக்கு எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். ஆள் மாறும் நாளில் அது பேசும்.

பேரேடு:

பணத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நான் கணக்கராக வேலை பார்க்கிறேன். என் தாயை ஒன்பது ஆண்டுகள் தொலைவிலிருந்து பார்த்தவன்.

உங்கள் ஏற்பாட்டில் பணம் கொடுப்பவன், வாங்கிப் போடுபவன், சரிபார்த்துக் கணக்கு சொல்பவன் ஆகிய மூன்று பேரும் உங்கள் தம்பியே. அவன் நேர்மையானவனாக இருந்தாலும் இது அவனுக்கே நல்லதல்ல. நாளை யாராவது ஒரு சொல் சொன்னால் அவனிடம் காட்ட ஒன்றும் இருக்காது. சம்பளத்தை அவன் கைவழியாக அனுப்பாதீர்கள். முகமைக்கோ, பார்த்துக்கொள்பவரின் கணக்குக்கோ நேராக அனுப்புங்கள். எல்லைதாண்டிய பணப்பரிமாற்றம் வங்கியின் ஒரு கேள்வியால் நான்கைந்து நாள் நின்றுபோவது உண்டு. அதனால் அந்தந்த மாதச் சம்பளத்தை அந்தந்த மாதம் அனுப்பக் கூடாது; மூன்று மாதச் சம்பளம் எப்போதும் ஊரில் உள்ள கணக்கில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

வீட்டுச் சில்லறைச் செலவுக்கு நிலையான கைமுதல் ஒன்று வையுங்கள். இரண்டு வாரச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். தம்பியிடம் 100 கொடுக்கிறீர்கள். எந்த நாளில் கேட்டாலும் ரசீதும் கையிருப்பும் சேர்ந்து 100 வர வேண்டும். 63க்கு ரசீது இருந்தால் 37 பணமாக இருக்கும். அவன் ரசீதுகளைப் படம் பிடித்து அனுப்பியதும் நீங்கள் 63ஐ மட்டும் நிரப்புகிறீர்கள், கைமுதல் மறுபடி 100 ஆகிறது. ஒரு பெரிய தொகையை அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் கணக்குக் கேட்பதைவிட இதில் மனக்கசப்பு குறைவு. நீங்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான், அது ஆளைப் பற்றிய கேள்வியும் அல்ல. ரசீது கிடைக்காத செலவுகள் வரும். அவற்றுக்கு ஒரு சிறிய உச்சவரம்பு வைத்து, அதற்குள் வாய்ச்சொல்லை நம்புங்கள்.

சரிபார்ப்பவர் மட்டும் மூன்றாமவராக இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து டயப்பரையும் மாத்திரையையும் எண்ணி, தோலைப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு செவிலியரை அமர்த்துங்கள். அவரை முகமையிடம் கேட்காதீர்கள், உங்கள் மருத்துவர் வழியாகத் தேடுங்கள். அவருக்கான கட்டணம் நேராக உங்களிடமிருந்து போக வேண்டும்.

கலங்கரை சொன்ன பவர் பத்திரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பல நாட்டுச் சட்டங்களில், எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் மனத்திறனை இழந்தால் சாதாரணப் பவர் பத்திரம் செல்லாமல் போய்விடும். மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது கைவிடும். திறன் இழந்த பின்னும் நீடிக்கும் வகைப் பத்திரம் சில நாடுகளில் உண்டு, சில நாடுகளில் இல்லை. இல்லாத இடத்தில் நீதிமன்றம் வழியாகப் பாதுகாவலராக வேண்டியிருக்கலாம். எந்த வகையானாலும் பொதுவாக எழுதியவர் இறந்ததும் முடிந்துவிடும். எந்த நாட்டுச் சட்டம் பொருந்துமோ அந்த நாட்டு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். கூட்டுக் கணக்கும் அப்படியே. நாளை தம்பிக்கு ஒரு கடன் வழக்கு வந்தால் அம்மாவின் பணமும் அதில் மாட்டிக்கொள்ளலாம்.

கலங்கரை:

பத்திரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது எனக்குப் புதிய செய்தி. என் தந்தை கடைசிவரை தெளிவாக இருந்ததால் அந்தச் சிக்கல் எங்களுக்கு எழவில்லை போலிருக்கிறது. ஆனால் நெய்தலின் அம்மாவால் பேச முடியவில்லையே, அவர் எப்படி எழுதிக் கொடுக்க முடியும்?

தாழம்பூ:

பேச்சு போனதும் புரிதல் போனதும் ஒன்றல்ல. பக்கவாதத்தில் மொழிப்பகுதி மட்டும் கெட்டுப்போய், மற்றது எல்லாம் தெளிவாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே கேள்வியை நேராகவும் தலைகீழாகவும் கேளுங்கள். ‘வீட்டை மகள் பார்த்துக்கொள்ளட்டுமா’ என்பதற்கு ஆம் என்பவர், ‘வீட்டை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டுமா’ என்பதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஆம் என்றால் புரியவில்லை, அல்லது சோர்ந்துவிட்டார். இதை நீங்கள் செய்து பார்ப்பது உங்கள் தெளிவுக்காக மட்டுமே. பத்திரத்துக்கு முன் மருத்துவர் ஒருவர் முறையாகப் பரிசோதித்து எழுதித் தர வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் உடனிருந்தால் இன்னும் நல்லது.

கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உடை மாற்றும் இடத்தில், மலம் துடைக்கும் இடத்தில் கேமரா வைப்பதை என்னால் ஏற்க முடியாது. வாய் பேச முடியாதவருக்கு மறைவு என்று ஒன்று வேண்டாமா?

கலங்கரை:

மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. வாய் பேச முடியாதவருக்குத்தான் சாட்சி வேண்டும். அடித்தால் யாரிடம் சொல்வார்?

இரவுப்பணி:

கேமரா இருக்கும் வீட்டிலும் வேலை செய்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்குப் பாதுகாப்புதான், பொய்ப் பழி வராது. ஒளித்து வைத்ததை ஒரு வீட்டில் நானே கண்டுபிடித்தேன். மறுநாள் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

நெய்தல் (ஏழு வாரம் கழித்து):

அனைவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இரவுப்பணி அம்மா சொன்னது அப்படியே உண்மை. இரவில் வந்தவர் பகலில் வேறொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவில்லை, அழுதுவிட்டார். முகமையில் இருந்து விலகி நேரடியாக எங்களிடம் வேலை செய்ய அவருக்கு ஒப்பந்தத் தடை இருந்ததால், வேறொருவரை அமர்த்தினோம். வாரத்தில் இரண்டு இரவுக்கு மூன்றாவதாக ஒருவரும் வருகிறார். ஒருவர் கிளம்புமுன் மற்றவர் வந்து, கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து அம்மாவின் முதுகைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். அந்தக் கால் மணிக்கும் சம்பளம் உண்டு.

செவிலியர் மூன்று முறை வந்துவிட்டார். முதல் முறை 80 இருக்க வேண்டிய இடத்தில் 84 டயப்பர் இருந்தது, மூன்றாம் முறை 79. மாதச் செலவு முன்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அதற்காக என் செலவில் சிலவற்றைக் குறைத்திருக்கிறேன். புண் இப்போது ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வந்துவிட்டது. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓரம் சுருங்கி வருவது தெரிகிறது. நான்காம் வாரம் மட்டும் சுருங்கவே இல்லை. காற்று மெத்தையின் குழாய் கழன்று இரண்டு நாள் காற்றில்லாமல் கிடந்திருக்கிறது என்று நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

தம்பிக்குக் கைமுதல் முறை முதலில் மிகவும் வருத்தமாக இருந்தது. ‘ரசீது கேட்கும் அளவுக்கு வந்துவிட்டோமா அக்கா’ என்றான். பேரேடு ஐயா எழுதியதை அவனுக்கே அனுப்பினேன். இரண்டு நாள் பேசவில்லை. இப்போது ரசீது அனுப்புகிறான், முன்போல் நீண்ட நேரம் பேசுவதில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கேமராவை அம்மாவிடமே கேட்டேன், தாழம்பூ அம்மா சொன்னபடி நேராகவும் தலைகீழாகவும். படுக்கையறையில் வைக்கட்டுமா என்றதற்கு இல்லை என்றும், வைக்காமல் விடட்டுமா என்றதற்கு ஆம் என்றும் உறுதியாகச் சொன்னார். கூடத்துக்கு முதலில் ஆம் என்றார், திருப்பிக் கேட்டபோதும் ஆம் என்றார். சோர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். மருத்துவர் பத்திரத்துக்காக அடுத்த வாரம் வருகிறார். அதற்கு முன் ஒரு நாள் காலையில், அவர் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, மறுபடி கேட்பேன்.